பணம் கேட்கும் வீட்டு வேலை: எஸ்எஸ்எம் பார்ப்பதா, கணக்கைப் பார்ப்பதா?

சுங்கை சிப்புட்டில் என் அக்கா மகளுக்கு வாட்சப்பில் ஒரு வேலை வந்தது. வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, நாளைக்கு நான்கு மணி நேரம், மாதம் 2,800 வெள்ளி. பதிவுக்கும் பயிற்சிக்கும் சேர்த்து 180 வெள்ளி முன்னால் கட்ட வேண்டும், அதை முதல் சம்பளத்தோடு திருப்பித் தருவார்களாம். நாட்டில் முழு நேர வேலைக்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளிதான். அரை நாள் தட்டச்சுக்கு 2,800 என்றதும் எனக்கு நெருடியது. அவளோ, "மாமா, எஸ்எஸ்எம் நம்பர் போட்டிருக்காங்க, நானே தேடிப் பார்த்துட்டேன், கம்பெனி இருக்கு" என்று பிடிஎஃப்பைக் காட்டினாள்.

தோட்டத்துப் பக்கம் இப்போது எல்லோரும் செய்யும் சோதனை இதுதான். கம்பெனிகளைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பெயர் இருக்கிறதா? இருந்தால் காசைக் கட்டு. அதோடு போலீசின் செமாக் மியூல் தளம், பணம் போகும் கணக்கின் பெயர், கம்பெனிக்கே போன் ஆகிய மூன்றையும் அன்று மாலை அதே பிடிஎஃப்பின் மேல் போட்டுப் பார்த்தோம். நான்கும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

முதலில் எஸ்எஸ்எம். பெயரும் பதிவு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இப்போதைய பதிவு எண் பன்னிரண்டு இலக்கம். முதல் நான்கு பதிவான ஆண்டு, அடுத்த இரண்டு என்ன வகை நிறுவனம் என்பது. உள்நாட்டுக் கம்பெனி என்றால் 01, சாதாரண வியாபாரப் பதிவு என்றால் 03. பெயரில் செண்டிரியான் பெர்ஹாட் என்று போட்டுவிட்டு நடுவில் 03 வந்தால், யாரோ அவசரத்தில் ஒட்டியது என்று அங்கேயே பிடித்துவிடலாம். இந்தப் பிடிஎஃப்பில் அப்படி ஒரு தவறும் இல்லை. எண் சரி, பெயர் சரி, கம்பெனி உயிரோடு இருந்தது. சிறு கட்டணம் கட்டி விவரத்தாளை எடுத்தபோதுதான் அதன் தொழில் குழாய், கட்டுமானச் சாமான் விற்பது என்று தெரிந்தது. இரும்புக் கடைக்கு எதற்கு இத்தனை டேட்டா என்ட்ரி ஆட்கள்?

எஸ்எஸ்எம்மின் குறை இங்கேதான். அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். வாட்சப்பில் பேசுகிறவர் அந்தக் கம்பெனி ஆள்தானா என்று அதால் சொல்ல முடியாது. ஏமாற்றுகிறவனுக்கும் அதே தேடல் பக்கம் திறந்துதானே கிடக்கிறது? நல்ல கம்பெனியாகப் பார்த்துப் பெயரை எடுத்துக்கொள்கிறான். எஸ்எஸ்எம்மில் பெயர் இல்லை என்றால் கதை முடிந்தது, இருக்கிறது என்றால் இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

செமாக் மியூல் போலீசின் வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவு நடத்துவது. semakmule.rmp.gov.my என்ற முகவரியில் வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டால், அதன் மேல் போலீஸ் புகார் இருக்கிறதா என்று காட்டும். காசு கேட்கும் வேலைக்கு இது எஸ்எஸ்எம்மைவிட நேரடியான கேள்வி, ஏனென்றால் கம்பெனியை விட்டுவிட்டுப் பணம் போய் விழும் இடத்தைப் பார்க்கிறது. நாங்கள் கணக்கு எண்ணைப் போட்டோம். புகார் எதுவும் இல்லை. வாட்சப் எண்ணுக்கும் அப்படியே. அக்கா மகள் முகத்தில் வெளிச்சம். ஆனால் புகார் இல்லை என்றால் இதுவரை யாரும் போய்ப் புகார் கொடுக்கவில்லை என்றுதான் பொருள். இந்த ஆட்கள் அடுத்தவர் பெயரில் வாங்கிய கணக்கை, மலாயில் அக்கவுன் கெல்டாய் என்பார்களே அதை, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மாற்றிவிடுகிறார்கள். புதுக் கணக்கு எப்போதும் சுத்தமாகத்தான் தெரியும்.

மூன்றாவது சோதனைக்கு எந்த இணையப் பக்கமும் வேண்டாம். வங்கிச் செயலியில் பணம் அனுப்புவது போல அந்தக் கணக்கு எண்ணைப் போட்டு, உறுதி செய்யும் பக்கம் வரை மட்டும் போக வேண்டும். டூயிட்நவ்வில் அனுப்பும்போது, பணம் நகர்வதற்கு முன்பே பெறுகிறவர் பெயர் திரையில் வரும். படித்துவிட்டு ரத்து செய்துவிடலாம். செண்டிரியான் பெர்ஹாட் என்றால் அதற்கென்று வங்கிக் கணக்கு இருக்கும், அதே பெயர் வர வேண்டும். எங்களுக்கு வந்தது ஒரு தனி ஆளின் பெயர். விவரத்தாளில் இருந்த இயக்குநர்கள் யாருடைய பெயரும் இல்லை. கேட்டதற்கு, "அவர் எங்கள் அக்கவுண்டன்ட்" என்று பதில். என்னைக் கேட்டால் நான்கில் இதற்குத்தான் அதிக மதிப்பு. ஒரு நிமிட வேலை, காசு செலவில்லை, பொய் சொல்வதும் கடினம். வேறு ஏதோ கம்பெனி பெயர் வந்தாலும் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான், கம்பெனிக் கணக்குகளையும் வாடகைக்கு விடுகிறார்கள்.

கடைசியாகப் போன். பிடிஎஃப்பில் உள்ள எண்ணுக்கு அடித்தால் எடுப்பது அவர்களேதான். அந்த இரும்புக் கடையின் பழைய விளம்பரத்திலிருந்து ஈப்போ லைனைத் தேடிப் பிடித்தோம். எடுத்த கிராணி அம்மா சலித்துப் போன குரலில், "நாங்க ஆள் எடுக்கல, இந்த வாரம் நீங்க மூணாவது ஆளு" என்றார். இதைவிட உறுதியான பதில் கிடையாது. ஆனால் சனி, ஞாயிறு ஆனால் யாரும் எடுக்க மாட்டார்கள். ஏமாற்றுகிறவர்களும் "இன்று மாலைக்குள் இடம் போய்விடும்" என்று வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் நெருக்குகிறார்கள்.

இதற்கு நடுவில் அக்கா மகள் தானாக ஒரு வேலை செய்தாள். "180 வெள்ளியை முதல் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினாள். 2,800 கொடுக்கப் போகிறவருக்கு அது ஒரு பெரிய தொகையா? பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: சிறப்புச் சலுகை, 90 மட்டும் இப்போது போடுங்கள். அப்போதுதான் அவளுக்கே சிரிப்பு வந்தது.

பணம் கேட்பதெல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. காப்புறுதி முகவராக வேண்டும் என்றால் அதற்கான தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும், கட்டணமும் உண்டு. ஆனால் அது தேர்வு நடத்தும் அமைப்புக்குப் போகிறது, தாளும் சான்றிதழும் உங்கள் பெயரில் வருகின்றன. அங்கே மாதச் சம்பளமும் கிடையாது, கமிஷன்தான், அதையும் அவர்கள் மறைப்பதில்லை. ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சி என்றால் தொழிலாளர் இலாகா உரிமம் கேளுங்கள். சாமான் வாங்கி விற்கச் சொன்னால் அது நேரடி விற்பனை, அதற்குத் தனி உரிமம் உண்டு, வேலை என்ற பெயரில் வரக் கூடாது. பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளத்தில் வேலை தேடுகிறவர் ஒரு காசும் கட்டுவதில்லை.

நேரம் குறைவு என்றால் நான் கணக்குப் பெயரிலிருந்து தொடங்குவேன். அடுத்து போன், அப்புறம் செமாக் மியூல். எஸ்எஸ்எம் கடைசி. ஊரில் முதலில் பார்ப்பது எனக்குக் கடைசி. காசு ஏற்கெனவே போயிருந்தால் இந்தச் சோதனைகளையெல்லாம் விட்டுவிட்டு உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997-க்கும் வங்கிக்கும் அழைக்க வேண்டும், பிறகு போலீஸ் நிலையம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் பிடித்தால்தான் உண்டு.

பக்கத்துத் தாமானில் ஒரு பெண் அதே பிடிஎஃப்பை நம்பி 180 வெள்ளி கட்டியிருந்தாள். நாங்கள் சொன்ன பிறகு போய்ப் புகார் கொடுத்தாள். சில வாரம் கழித்து அந்தக் கணக்கு எண்ணைச் செமாக் மியூலில் மறுபடி போட்டேன். இப்போது புகார் காட்டியது. அதற்குள் புதிய பிடிஎஃப் ஒன்று ஊரில் சுற்றிக்கொண்டிருந்தது, வேறு கம்பெனி, வேறு கணக்கு எண், அதே 180 வெள்ளி.