கல்யாணத்தில் சரக்கு: மண்டப ரூமா, ஹோட்டலா, அறவே வேண்டாமா?

"மச்சான், பார்ட்டி உண்டுல்ல?" என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் நச்சரிப்பார்கள். "கல்யாண வீட்டில் அந்த வாடையே ஆகாது" என்பார் பெரியப்பா. இதற்கு நம்மூரில் மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு.

அதிகம் நடப்பது மண்டபத்து மாடி ரூம். பாட்டில் கார் டிக்கியில் வந்துவிடும். செலவு குறைவு என்பதைத் தவிர இதில் நல்லது ஒன்றுமில்லை. 2023 ஏப்ரலில் விழாக்களில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் தரத் தமிழ்நாடு அரசு விதியைத் திருத்தியபோது திருமண மண்டபங்களும் அதில் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கிவிட்டார்கள். ஆகவே அந்த உரிமம் மண்டபத்துக்குக் கிடைக்காது. போலீஸ் வராவிட்டாலும் பந்தி காட்டிக்கொடுக்கும். எட்டரை மணிக்குப் பந்தி களைகட்டும்போது ஒரு கூட்டமே காணாமல் போயிருக்கும். குரூப் போட்டோவுக்கு ஆள் தேடி தம்பி மாடிக்கு ஓடுவான். அவர்கள் தள்ளாடி இறங்கும்போது படிக்கட்டில் எதிரே வருவது பெரியப்பாவாகத்தான் இருக்கும்.

அறவே வேண்டாம் என்பது சுலபம். நண்பர்கள் உள்ளூர்க்காரர்கள் என்றால் அதுவே போதும். வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்குகிறவர்கள் என்றால், பத்து மணிக்கு டாஸ்மாக் மூடுவதற்குள் அவர்களே ஏற்பாடு செய்துகொண்டு மண்டபத்துக்கு வருவார்கள். முதல் வழியின் தொல்லை அத்தனையும் அப்போதும் வரும்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: பார் உரிமமுள்ள ஹோட்டலில், வேறொரு நாளில், மாப்பிள்ளையின் சொந்தக் காசில். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு மட்டும் வேண்டாம். விடியற்காலை மணவறையில் உட்கார வேண்டியவர் அவர். இருபது பேரில் பத்துப் பேர் குடிப்பார்கள், ஆளுக்கு மூன்று லார்ஜ் என்று வையுங்கள். முப்பது லார்ஜ். 750 மில்லி பாட்டிலில் 60 மில்லி லார்ஜ் பன்னிரண்டு வரும், அதாவது இரண்டரை பாட்டில். அன்லிமிடெட் பேக்கேஜ் பக்கம் போகாமல், "முப்பது வரை ஊற்றுங்கள், அதற்கு மேல் என்னைக் கேட்டுத்தான்" என்று முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கல்லூரியில் படிக்கும் சித்தப்பா பையனைக் கூப்பிடாதீர்கள். இங்கே சட்டப்படி 21 வயது ஆக வேண்டும். திரும்பிப் போக வேன் பேசிவிடுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்து வண்டி ஓட்டினால், முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

பெரியப்பாவிடம் அனுமதி கேட்கப் போகாதீர்கள். கேட்டால் மறுத்துத்தான் ஆக வேண்டும் அவர். "மண்டபத்துல ஒரு சொட்டு வராது பெரியப்பா, அதுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னால் போதும். பெரும்பாலான பெரியவர்களுக்குச் சபையில் தலைகுனிவு வரக்கூடாது என்பதுதான் கவலை. ஹோட்டல் சங்கதியை அவர் துருவ மாட்டார், துருவினால் பொய் சொல்லாதீர்கள்.

தை மாதக் கல்யாணம் என்றால் தேதியைப் பார்த்து புக் செய்யுங்கள். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவாகத் தைப்பூசம் என்று அந்த மாதத்தில் மட்டும் மூன்று நாள் ஹோட்டல் பாரும் மூடியிருக்கும்.