ஸ்டாக் பட்டியல் போட்டுத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன்

மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான்கு ரேக் நிறைய உதிரி பாகங்கள், ஏறக்குறைய 1,800 வகை. எது எங்கே இருக்கிறது என்பது எனக்கும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட பெரியவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் ஓய்வு பெறப் போகிறேன் என்றதும், பார்ட் நம்பர், அது ரேக்கில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்கிற ‘பின்’ இடம், பொருந்தும் மாடல் மூன்றையும் கணினியில் ஏற்றித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தேன். இரண்டு பேர் வந்து ஒன்பது நாள் எண்ணினார்கள். பட்டியல் வந்தது. பார்க்க அழகாக இருந்தது. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். அடுத்த மூன்று மாதம் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

முதலில் தெரிந்தது பிரேக் பேடில். ஒரு டொயோட்டா வண்டிக்கு முன் பிரேக் பேட் தேவைப்பட்டது. டொயோட்டாவில் முன் பேட் செட்டின் எண் 04465 என்று தொடங்கும், பின் பேடுக்கு 04466. அப்புறம் ஒரு கோடு, அதன் பிறகு ஐந்து எழுத்தோ இலக்கமோ வரும். பட்டியலில் 04465 என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. சரி, தீர்ந்துவிட்டது போல என்று வெளியே ஆர்டர் போட்டேன். பேட் வந்து மாட்டிய மறுநாள், வேறு எதையோ எடுக்கப் போனபோது அதே எண் போட்ட டப்பா மூன்று கண்ணெதிரே இருந்தது.

என்ன செய்திருக்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. பட்டியல் ‘சுத்தமாக’ இருக்க வேண்டும் என்று எண்களில் இருந்த கோடுகளை எல்லாம் நீக்கியிருக்கிறார்கள். எழுத்து எதுவும் இல்லாத எண்ணில் கோடு போனதும் அது வெறும் பத்து இலக்கம். எக்செல் செல்லின் மூலையில் ஒரு சின்னப் பச்சை முக்கோணம் வரும். எண்ணை எழுத்தாக வைத்திருக்கிறாய், மாற்றவா என்று கேட்கும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ‘Convert to Number’ கொடுத்திருக்கிறார்கள். எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்ஜியத்துக்குக் கணக்கில் மதிப்பில்லை என்பதால் அது போய்விட்டது. 04465 என்று தொடங்கியது 4465 ஆகிவிட்டது. பாஷ் பாகங்களின் பத்து இலக்க எண்களிலும் பல பூஜ்ஜியத்தில்தான் தொடங்கும். அவையும் அப்படியே ஒன்பது இலக்கமாகின.

பூஜ்ஜியத்தைத் திரும்பப் போட்டால் போயிற்று என்று அந்த நிறுவனத்துக்காரர் போனில் சொன்னார். எல்லா எண்ணும் பத்து இலக்கம் என்று தெரிந்தால் அது சரி. ஆனால் என் பட்டியலில் பல கம்பெனிகளின் பாகங்கள் கலந்திருக்கின்றன. உண்மையிலேயே ஒன்பது இலக்கம் உள்ள எண்ணும் உண்டு. எது பூஜ்ஜியம் இழந்தது, எது பிறவியிலேயே ஒன்பது என்று திரையைப் பார்த்துச் சொல்லவே முடியாது. டப்பாவைத்தான் பார்க்க வேண்டும்.

இதைவிட மோசமானது ஃபில்டர்களுக்கு நடந்தது. ஒரு கம்பெனியின் ஃபில்டர்களுக்கு டப்பாவில் உள்ள 13 இலக்க பார்கோடு எண்ணையே அடையாளமாக ஏற்றியிருந்தார்கள். எக்செல் சாதாரண நிலையில் 12 இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண்ணைச் சுருக்கித்தான் காட்டும், 4.01235E+12 என்பது போல. அந்தக் கட்டத்தில் முழு எண் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படியே வெறும் எழுத்தாகச் சேமிக்கும் சிஎஸ்வி கோப்பாக மாற்றினால், திரையில் தெரிகிற சுருக்கம்தான் கோப்பில் போய் உட்காரும். மீதி இலக்கங்கள் அதோடு தொலைந்தன. ஒரே கம்பெனியின் பார்கோடுகளில் முதல் சில இலக்கங்கள் ஒன்றாகவே இருக்கும் என்பதால், 23 வகை ஃபில்டர்களுக்கும் ஒரே எண் வந்துவிட்டது. அடுத்து அவர்கள் ‘இரட்டைப் பதிவு நீக்கம்’ செய்திருக்கிறார்கள். ஒரே எண் என்பதால் 23 வரிகளும் ஒரே வரியாகி, எண்ணிக்கைகள் கூட்டப்பட்டு, ‘ஆயில் ஃபில்டர், 211’ என்று நின்றது. அதில் ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் அடக்கம்.

இனி பின் இடம். எங்கள் ஸ்டோரில் D-04-2-07 என்றால் D ரேக், நான்காவது கட்டம், இரண்டாவது தட்டு, ஏழாவது பின். முதல் மூன்று ரேக்கிலும் இடங்கள் ஏறக்குறைய சரியாக இருந்தன. நான்காவது ரேக்கில் எதைத் தேடினாலும் அங்கே வேறு ஏதோ இருந்தது. பேரிங் என்று போனால் வைப்பர் பிளேடு. பெரியவர் மாற்றி வைத்துவிட்டாரோ என்று அவரையே சந்தேகப்பட்டுக் கேட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

உண்மைக் காரணம் ஒரு வெற்று நெடுவரிசை. நான்காவது ரேக்கின் எக்செல் தாளில் பார்ட் நம்பர், பெயர், எண்ணிக்கை மூன்றும் ஒட்டி இருந்தன. அதற்குப் பிறகு ஒரு நெடுவரிசை காலி, அதற்கடுத்து பின் இடம். அந்தத் தாளைப் பார்ட் நம்பர் வரிசைப்படி அடுக்கியபோது, காலி நெடுவரிசைக்கு அப்பால் இருப்பதை எக்செல் அந்த அட்டவணையின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எச்சரிக்கையும் வராது. இடது பக்கம் மூன்றும் இடம் மாறின, பின் இடம் மட்டும் எண்ணிய வரிசையிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பாகமும் ஒரு இடமும் இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பட்டியலில் பார்ட் நம்பரும் ஏறுவரிசையில் இருக்கிறது, பின் இடமும் ஏறுவரிசையில் இருக்கிறது என்றால் அதை நம்பாதீர்கள். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் பார்ட் நம்பர் வரிசைப்படி சாமான் அடுக்குவது அபூர்வம். இரண்டில் ஒன்று கலைந்துதான் இருக்க வேண்டும். என் தாளில் இரண்டுமே ஒழுங்காக ஏறிக்கொண்டு போயின. அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

எண்ணியபோது எழுதிய மூலத் தாள்களைக் கேட்டேன். அவை இருந்தால் ஒரு நாளில் சரி செய்திருக்கலாம். வேலை முடிந்ததும் கிழித்துப் போட்டுவிட்டோம் என்றார்கள்.

பொருந்தும் மாடல் விஷயம்தான் எனக்கு மிகுந்த கோபம் தந்தது, ஏனென்றால் அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஒரு வண்டி லிப்டில் நிற்கிறது. பட்டியலில் இந்தப் பேட் இந்த மாடலுக்குப் பொருந்தும் என்று போட்டிருக்கிறது. மெக்கானிக் தம்பி எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தான். “அண்ணே, பேடோட காது உள்ள போகல. கிரைண்டர்ல லேசா இழைச்சா உட்கார்ந்துரும்ணே.”

வேண்டாம் என்று பிடுங்கி வைத்தேன். ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் சில வண்டிகளில் இரண்டு வெவ்வேறு தயாரிப்பாளர்களின் காலிப்பர் வரும். பேடின் பின் தகடும் காதும் வேறு வேறு வடிவம். காதை இழைத்து நுழைத்தால் பேட் பிராக்கெட்டில் ஆடும், டிஸ்க்கின் மேல் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராது. அந்தப் பையன் கேட்காமல் இழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து அன்று இரவு தூங்கவில்லை.

எங்கிருந்து அந்தத் தகவலை எடுத்தீர்கள் என்று கேட்டபோது, இணையக் கடைகளில் மாடல் பெயரைப் போட்டுத் தேடி வந்ததை ஏற்றினோம் என்றார்கள். காலிப்பர், இன்ஜின் கோடு, எந்த மாதத் தயாரிப்பிலிருந்து எந்த மாதம் வரை, எந்தச் சேஸிஸ் எண்ணுக்குப் பிறகு மாறியது, ஏபிஎஸ் உண்டா இல்லையா, எதுவும் பார்க்கவில்லை. 1,800 வரியிலும் மாடல் நெடுவரிசை நிரம்பியிருந்தது. ஒரு செல்கூடக் காலி இல்லை. இப்போது எனக்குப் புரிகிறது: உண்மையாக வேலை செய்தவரின் பட்டியலில் அந்த நெடுவரிசையில் காலி இடங்கள் இருக்கும், ‘தெரியவில்லை’ என்று எழுதியிருக்கும். முழுக்க நிரம்பியிருந்தால் ஊகித்து நிரப்பியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நீங்கள் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று பதில் வந்தது. அது உண்மைதான், நான் எதையும் சரிபார்க்காமல் போட்ட கையெழுத்து. அதனால் நீங்கள் இப்படிச் செய்யுங்கள். கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் 30 வரிகளைப் பொறுக்கி, சொன்ன பின்னில் சொன்ன எண் போட்ட டப்பா இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். அப்புறம் தலைகீழாக, ரேக்கிலிருந்து 30 டப்பாக்களை எடுத்து வந்து அவை பட்டியலில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு திசையும் வேண்டும். முதல் சோதனையில் தொலைந்த பாகங்கள் அகப்படாது, ஏனென்றால் பட்டியலில் இல்லாததை நீங்கள் தேடவே மாட்டீர்கள். ஒரே வரிக்குள் தொலைந்த என் ஃபில்டர்கள் இரண்டாவது சோதனையில்தான் சிக்க வழி இருந்தது. ஒவ்வொரு ரேக்குக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். முதல் ரேக் மட்டும் பார்த்திருந்தால் நான்காவதில் நடந்தது எனக்குத் தெரிந்திருக்காது.

எண்ணும்போது எழுதிய தாள்களும் பின்களின் புகைப்படங்களும் உங்களிடம்தான் இருக்கும் என்று முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

இப்போது நாங்களே திரும்ப எண்ணியிருக்கிறோம். பெரியவர் மனசு வைத்துப் பதினொரு இரவுகள் வந்து உட்கார்ந்தார். ஒரு எண்ணைக்கூடத் தட்டும் முன்பே பார்ட் நம்பர் நெடுவரிசை முழுவதையும் ‘Text’ என்று மாற்றிவிட்டோம். அதில் டப்பாவில் அச்சிட்டபடியே, கோடு, இடைவெளி, கடைசி எழுத்து எல்லாவற்றோடும் ஏற்றுகிறோம். பேரிங்கில் 6203-ZZ என்றால் இரு பக்கமும் உலோக மூடி, 6203-2RS என்றால் ரப்பர் சீல். வாலை வெட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். கோடு இல்லாமல் தேடுவதற்கு மட்டும் பக்கத்தில் தனியாக ஒரு நெடுவரிசை:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(A2,"-","")," ","")
```

இது எழுத்தாகவே விடை தருவதால் முன் பூஜ்ஜியம் போவதில்லை.

பொருந்தும் மாடலை வண்டியில் மாட்டிப் பார்த்த பிறகோ, தயாரிப்பாளரின் கேட்டலாக்கில் சேஸிஸ் எண்ணை வைத்துப் பார்த்த பிறகோதான் நிரப்புகிறோம். யார் பார்த்தது, எந்தத் தேதி என்பதும் அதே வரியில் இருக்கிறது. பாதிக்கு மேல் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நான்காவது ரேக்கில் 14 டப்பாக்கள், எண் அழிந்து எந்த வண்டிக்கானது என்றே தெரியாமல், சிவப்புச் சீட்டு ஒட்டித் தனியாக வைத்திருக்கிறோம். அவற்றை யாரும் எடுத்து மாட்டக் கூடாது என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.