ரீஹாப் மையமா, லால்பாக் நடையா?

அப்பாவுக்கு 58 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த ஐந்தாம் நாள் பெங்களூரு ஜெயநகர் வீட்டுக்குத் திரும்பினார். கட்டிலில் உட்காருவது, வராந்தாவில் நடப்பது, ஒரு மாடிப்படி ஏறுவது என முதல் கட்டப் பயிற்சி வார்டிலேயே முடிந்திருந்தது. அடுத்த கட்டத்துக்கு இரண்டு வழி: வாரம் மூன்று நாள், கண்காணிப்பில் உடற்பயிற்சி தரும் மருத்துவமனை ரீஹாப் மையம், அல்லது லால்பாக் பூங்காவில் தானாக நடப்பது.

லால்பாக்கில் செலவு இல்லை, டிராஃபிக்கில் மாட்ட வேண்டியதில்லை. அப்பாவுக்கு அதுதான் பிடித்தது. நான் பிடிவாதமாக மையத்துக்குக் கூட்டிப்போனேன். காரணம் ஒன்றே: நாடித்துடிப்பு இலக்கு.

அப்பாவின் கைக்கடிகாரம் 220இலிருந்து வயதைக் கழித்து, 162இல் 70 முதல் 85 சதவீதம், அதாவது 113 முதல் 138 வரை என்று காட்டியது. ஆனால் அவர் மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். அந்த மாத்திரை துடிப்பை அதிகம் ஏற விடாது. மையத்தில் வழக்கம்போல் மாத்திரை போட்ட பிறகே டிரெட்மில் பரிசோதனை செய்தார்கள். ஓய்வில் 62, முழுமூச்சாக நடந்தபோது 128. இடைவெளி 66. அதில் 40 சதவீதத்தை 62உடன் கூட்டினால் 88, 60 சதவீதத்தைக் கூட்டினால் 102. அதுதான் அவருடைய எல்லை. கடிகாரத்தை நம்பியிருந்தால், 'இன்னும் எட்டவில்லை' என்று நினைத்துத் தன் உச்சத்துக்கே விரட்டியிருப்பார். மாத்திரை அளவு மாறினால் இந்த எண்ணும் மாறும். அதை மருத்துவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம் பத்து நிமிட நடை, இரண்டு முறை. எட்டாம் வாரம் தொடர்ந்து முப்பது நிமிடம். முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் மெதுநடை. சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, அழுத்தம் இறங்கித் தலைசுற்றும்; ஒருநாள் அவசரத்தில் நின்று அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது என்ற அளவையும் அங்கேதான் பழகினார்.

மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் முதல் வாரம் 101 துடித்தது, பன்னிரண்டாம் வாரம் 90. தேறுகிறோம் என்பதற்கு அப்பா நம்பிய அடையாளம் இதுதான்.

இப்போது லால்பாக்குக்கே போகிறார். சமதளத்தில் 94; அங்குள்ள பழம்பாறையில் ஏறினால் 110ஐத் தாண்டுகிறது, உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். நெஞ்சு இறுகினால் நின்றுவிட வேண்டும், ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால் ஆம்புலன்ஸ் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.

அப்பாவின் இதயத்தில் பம்ப் செய்யும் திறன் அவ்வளவாகக் குறையவில்லை. அது மிகவும் குறைந்தவர்களுக்கு இந்த வேகம் சரிவருமா என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. மையம் எட்டாத தூரத்தில் இருந்தால், டிரெட்மில் பரிசோதனையை மட்டுமாவது செய்து, உங்கள் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள்.