பிட் எண்ணுவதா, இரண்டு மாறிகளா?

ஒரு வரிசையில் ஒரு எண் மட்டும் ஒருமுறையும் மற்ற எல்லா எண்களும் மூன்று முறையும் வந்தால், அந்த ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். 5, 5, 6, 5 என்ற வரிசையில் 6 மட்டும் ஒருமுறை வருகிறது. பைனரியில் 5 என்பது 101, 6 என்பது 110. ஒவ்வொரு பிட் இடத்திலும் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணினால், வலமிருந்து 3, 1, 4. மூன்றால் வகுத்த மீதி 0, 1, 1. அதாவது 110, நம்முடைய 6.

இன்னொரு வழி, இதே மீதியை எல்லா இடங்களுக்கும் ஒரே நேரத்தில் இரண்டு மாறிகளில் வைத்துக்கொள்வது. இரண்டும் 0-இல் தொடங்கும்; வரிசையின் ஒவ்வொரு எண் x-க்கும்:

```
ones = (ones ^ x) & ~twos
twos = (twos ^ x) & ~ones
```

முடிவில் `ones`தான் விடை. 32 சுற்றுக்குப் பதில் ஒரே சுற்று என்பதால் வேகம் அதிகம்.

ஆனாலும் நான் எண்ணும் முறையையே எடுப்பேன். மூன்று முறை என்பது ஐந்து முறை ஆனால் `% 3` என்பதை `% 5` ஆக்கினால் போதும். இரண்டு மாறி முறையில் தர்க்கத்தையே புதிதாக அமைக்க வேண்டும். ஒரு கவனம்: பைத்தானில் 32 பிட்டுகளை எண்ணிச் சேர்க்கும்போது -2 என்ற விடை 4294967294 என்று வரும். `2**31` அல்லது அதற்கு மேல் வந்தால் `2**32`-ஐக் கழித்துவிடுங்கள். இரண்டு மாறி முறைக்குப் பைத்தானில் இந்தத் திருத்தம் தேவையில்லை.