கனகபுரா ரோட்டில் ட்ரோன் சர்வே: 252 படம் எடுத்தும் பாதி நிலம் வரைபடத்தில் பாழ்

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள், ட்ரோன் சர்வேக்கு ஆள் பிடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் 18,000 ரூபாய் கொடுத்து நாங்கள் ஏமாந்தோம்.

கனகபுரா ரோட்டில் உள்ளே தள்ளி என் சித்தப்பாவுக்கு சுமார் 20 ஏக்கர் நிலம் இருக்கிறது. 400 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம். தெற்கு முனை ஏரிக்கரையை ஒட்டி இருக்கும். அங்கிருந்து வடக்கே போகப் போக நிலம் ஏறிக்கொண்டே போகும், மேலே பழைய மாந்தோப்பு. பண்ணைக்குட்டை, இங்கே கிருஷி ஹொண்டா என்பார்கள், அதை எங்கே வெட்டினால் தண்ணீர் தானாக வந்து சேரும் என்று பார்க்கத்தான் மேடுபள்ளத்தோடு ஒரு வரைபடம் கேட்டோம்.

வந்தவர் தமிழ்க்காரர், பேச்சும் நன்றாக இருந்தது. 60 மீட்டர் உயரம், முன்பின் ஓவர்லேப் 75 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்தார். ட்ரோன் எடுக்கும் படங்களை ஒன்றோடொன்று ஒட்டித்தான் வரைபடம் செய்வார்கள். ஒரு படத்தில் விழுந்த நிலம் அடுத்த படத்திலும் எவ்வளவு விழுகிறதோ, அதுதான் ஓவர்லேப். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, அங்கேயே ட்ரோனைக் கிளப்பினார். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். "மேலே போகப் போக மேடு ஏறுதே, பரவாயில்லையா?" என்று கேட்டேன். "அதெல்லாம் Terrain Follow போட்டிருக்கேன் சார், மேட்டுக்கு ஏத்த மாதிரி அதுவே ஏறிக்கும்" என்றார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

பத்து நாள் கழித்து வரைபடம் வந்தது. கீழ்ப்பாதி அருமை, வரப்பில் கிடந்த மண்வெட்டி கூடத் தெரிந்தது. மேல்பாதியைப் பார்த்ததும் சித்தப்பா திரையில் விரலை வைத்து, "இந்த மரம் நம்மகிட்ட ஒண்ணுதானடா இருக்கு?" என்றார். ஒரே மாமரம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக நின்றது, இரண்டிலும் பாதி பாதிக் கிளை. மோட்டார் ரூம் கூரையின் விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருந்தது. தோப்புக்குள் மூன்று இடத்தில் வெறும் வெள்ளை ஓட்டை. குட்டைக்கு முக்கியமான மேட்டு நிலத்தின் உயர அளவுகள் எதையும் நம்ப முடியவில்லை.

கேட்டால், "காத்துல மரம் ஆடியிருக்கும் சார். இன்னொரு தடவை ப்ராசஸ் பண்ணா சரியாயிடும், அதுக்கு 6,000 ஆகும்" என்றார். காற்றில் கிளை ஆடினால் ஒட்டுவது கடினம் என்பது உண்மைதான். ஆனால் மோட்டார் ரூம் ஆடாதே. மூலப் படங்களைக் கேட்டேன், தருவதில்லை என்றார். பாக்கி 8,000 ரூபாயைக் கொடுக்காமல் நிறுத்தியதும் பென்டிரைவில் வந்தது. மொத்தம் 252 படம். 9 வரிசை, வரிசைக்கு 28. எழுதிக்கொடுத்த கணக்குக்கு இது சரியாகவே வந்தது. அதனால் நானும் ஒரு நாள் குழம்பிப்போய் பாக்கியைக் கொடுத்துவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். படங்களின் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

அப்புறம்தான் படங்களுக்குள் பதிவாகியிருக்கும் உயரத்தைப் பார்த்தேன். டிஜேஐ ட்ரோன்களின் படத்தில் `RelativeAltitude` என்று ஒரு விவரம் இருக்கும். கிளம்பிய இடத்திலிருந்து ட்ரோன் எத்தனை மீட்டர் உயரத்தில் இருந்தது என்பதுதான் அது. exiftool என்ற இலவச மென்பொருளில் இந்த ஒரு வரி போதும்:

```
exiftool -csv -n -RelativeAltitude -GPSLatitude -GPSLongitude photos > list.csv
```

252 படத்திலும் 60-க்கு அரை மீட்டர் முன்னே பின்னேதான். கூகுள் எர்த்தில் பார்த்தால் ஏரிக்கரையைவிட வடக்கு முனை சுமார் 25 மீட்டர் உயரம். Terrain Follow உண்மையிலேயே ஓடியிருந்தால் இந்த எண் வடக்கே போகப் போக 60-லிருந்து 85 வரை ஏறியிருக்க வேண்டும். அவர் அதைப் போடவே இல்லை.

ட்ரோன் நேராகப் பறந்து, நிலம் மட்டும் ஏறினால் என்ன ஆகும்? அவர் கொண்டுவந்தது டிஜேஐயின் பேண்டம் 4 ப்ரோ. அதன் கேமராவுக்குக் கணக்கு சுலபம்: எத்தனை மீட்டர் உயரத்தில் பறக்கிறதோ, தரையில் அத்தனை மீட்டர் நீளமும் அதைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும் ஒரு படத்தில் விழும். 60 மீட்டரில் நீளம் 60, அகலம் 90. 75 சதவீத ஓவர்லேப் வேண்டுமென்றால் 15 மீட்டருக்கு ஒரு படம், 70 சதவீதத்துக்கு வரிசைகளின் இடைவெளி 27 மீட்டர். ஏரிக்கரையில் இப்படித்தான் இருந்தது. அங்கே ஒவ்வொரு இடமும் சராசரியாக 13 படங்களில் விழுந்திருக்கிறது.

வடக்கு முனையில் தரைக்கும் ட்ரோனுக்கும் நடுவே 35 மீட்டர்தான். 10 மீட்டர் மாமரத்தின் உச்சிக்கு மேலே வெறும் 25. படத்தில் விழும் பரப்பு 25க்கு 37.5 ஆகச் சுருங்கிவிட்டது. ஆனால் படம் எடுக்கும் இடைவெளி அதே 15, அதே 27. அப்படியென்றால் முன்பின் ஓவர்லேப் 40 சதவீதம், பக்கவாட்டில் 28. மர உச்சியின் ஒரு புள்ளி ஏறக்குறைய இரண்டு படங்களில்தான் சிக்கியிருக்கிறது. ஒட்டும் மென்பொருள் ஒரே புள்ளியைப் பல படங்களில், பல கோணங்களில் அடையாளம் கண்டுதான் அதன் இடத்தையும் உயரத்தையும் கணக்கிடுகிறது. இரண்டே படத்தை வைத்துக்கொண்டு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் இலைக்கூட்டத்தில் அது என்ன செய்யும்? உயரத்தைத் தப்பாகக் கணித்தது, மரம் இரண்டாகிவிட்டது. எடுக்காத படத்தை எத்தனை தடவை ப்ராசஸ் செய்தாலும் கொண்டுவர முடியாது. இது தெரிந்தும்தான் அவர் 6,000 கேட்டிருக்கிறார். எனக்கு ஆத்திரம் அதில்தான்.

கணக்கை எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை.

இரண்டாவதாக வந்தவர் ட்ரோனை வெளியே எடுக்கும் முன்பே நிலத்தின் மேல்முனை வரை நடந்துபோய்ப் பார்த்தார். "Terrain Follow தரையைத்தான் பார்க்கும் சார், மர உச்சியைப் பார்க்காது" என்று சொல்லி, அதை நம்பாமல் மேட்டிலிருந்தே கிளப்பினார். உயரம் 70 மீட்டர், முன்பின் ஓவர்லேப் 80 சதவீதம், பக்கவாட்டில் 75. மேட்டிலிருந்து கிளப்பினால் மற்ற எல்லா இடமும் அதற்குக் கீழேதான், ஓவர்லேப் கூடுமே தவிர குறையாது. மாமர உச்சியிலும் முன்பின் 77 சதவீதம், பக்கவாட்டில் 71 நின்றது. ஏரிக்கரைப் பக்கம் ட்ரோன் 95 மீட்டர் உயரத்தில் இருந்ததால் படம் கொஞ்சம் நயம் குறைவு. ஒரு பிக்சல் 1.6 செ.மீ.க்குப் பதில் 2.6 செ.மீ. குட்டை வெட்ட அது போதும். ஓரங்கள் கிழியாமல் இருக்க, இரண்டு பக்கமும் எல்லைக்கு வெளியே ஒவ்வொரு வரிசை கூடுதலாகப் பறந்தார். பேட்டரி ஒன்று அதிகம் செலவானது.

ட்ரோன் கிளம்பும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். எந்த இடத்திலிருந்து கிளப்பப் போகிறார்? நிலத்தின் மிக உயரமான இடத்தில், மரத்தின் உச்சியில் ஓவர்லேப் எவ்வளவு? மூலப் படங்கள் மொத்தமும் உங்களுக்கு வந்தாக வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படங்கள் வந்ததும் மேலே கொடுத்திருக்கும் அந்த ஒரு வரியை ஓட்டிப் பார்த்துவிட்டு, பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.

புது வரைபடத்தில் அந்த மாமரம் ஒன்றாக நிற்கிறது. குட்டைக்குச் சித்தப்பா குறித்த இடம் முதலில் நினைத்ததைவிட நாற்பது மீட்டர் கிழக்கே தள்ளிப் போயிருக்கிறது, இந்த வாரம் ஜேசிபி வருகிறது.