குளியலறைத் தண்ணீர் போகவில்லையா? ஆசிட் ஊற்றுவதற்கு முன் ஜாலியைக் கழற்றிப் பாருங்கள்

போர்வெல் தண்ணீர், நீளக் கூந்தல், சோப்புக் கட்டி, வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியல். இந்த நான்கும் சேர்ந்த வீட்டில் குளியலறைத் தரைத் துவாரம் அடைபடுவது வழக்கமான சங்கதி. கடையில் விற்கும் பிளாஸ்டிக் முள்பட்டை, ஸ்பிரிங் கம்பி, பிளஞ்சர், வாட்ஸ்அப்பில் சுற்றும் சமையல் சோடா வினிகர் வைத்தியம் ஆகியவற்றை நீண்ட நாள் பயன்படுத்தியதில் எது நிற்கிறது, எது ஏமாற்றுகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். சுருக்கமாகச் சொன்னால், முடியைக் கரைக்க நினைப்பவர் தோற்பார், வெளியே எடுப்பவர் ஜெயிப்பார்.

உள்ளே என்ன அடைந்திருக்கிறது என்று முதலில் பார்க்கலாம். சோப்பு உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத வெள்ளைக் கசடு உண்டாகிறது. வாளியின் உட்புறம் வளையமாகப் படிவதும் அதே கசடுதான். முடி மட்டும் இருந்தால் தண்ணீர் அதன் இடுக்கில் ஓடிவிடும். முடிமேல் இந்தக் கசடும் தேங்காய் எண்ணெயும் ஒட்டும்போதுதான் அது களிமண் போல இறுகுகிறது. சீயக்காய், அரப்புத்தூள் போட்டுக் குளிக்கிற வீட்டில் கூடுதலாக ஒன்று நடக்கும். அந்தத் தூள், துவாரத்துக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணமான ட்ராப்பின் அடியில் வண்டலாகத் தங்கிவிடும். மேலே முடியை எடுத்த பிறகும் தண்ணீர் மெதுவாகப் போனால் பெரும்பாலும் இந்த வண்டல்தான் காரணம். இதற்கு எந்த மருந்தும் வேண்டாம், கையால் அள்ளினால் போதும்.

நம் ஊர்க் குளியலறைத் தரையில் இருப்பது நஹானி ட்ராப். மேலே துளை போட்ட ஜாலி, உள்ளே பல வீடுகளில் கவிழ்த்து வைத்த கப், அதைச் சுற்றித் தேங்கி நிற்கும் தண்ணீர். கரப்பான் பூச்சியும் சாக்கடை வாடையும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். முடி முதலில் சிக்குவது குழாயில் அல்ல, இந்தக் கப்பின் விளிம்பில். தண்ணீர் வளைந்து திரும்பும் இடம் அது, இடைவெளியும் குறுகல். ஆகவே நாம் பார்க்கிற அடைப்புகளில் பெரும்பகுதி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மேலேயிருந்து ஊற்றுகிற எதுவும் இதைத் தொடாமல் பக்கவாட்டில் வழிந்து போய்விடும்.

ஆனால் அடைப்பு இங்கேதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வாஷ்பேசினில் தண்ணீர் திறந்தால் தரைத் துவாரத்தில் மேலே ஏறி வருகிறதா? பல வீடுகளில் பேசின் குழாய் இதே ட்ராப்பில்தான் சேர்கிறது. அப்படி ஏறினால் அடைப்பு கப்பிலோ அதைத் தாண்டியோ இருக்கிறது. பேசினில் மட்டும் தண்ணீர் நின்று, தரையில் நன்றாகப் போனால் அடைப்பு பேசினின் வளைவில். நீங்கள் குழாயையே திறக்காமல் இருக்கும்போது தரையில் தண்ணீர் ஏறினால், மேல் மாடி வீட்டுத் தண்ணீர் திரும்பி வருகிறது என்று அர்த்தம். அது பொதுக் குழாய் சமாச்சாரம். அங்கே நீங்கள் ஸ்பிரிங் விடாதீர்கள், அடுக்ககப் பராமரிப்பாளரிடம் சொல்லுங்கள்.

இப்போது ஒரு குறிப்பிட்ட நிலையை எடுத்துக்கொள்வோம். ஒரு வாளித் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் தரையில் இரண்டு விரற்கடை அளவு நின்று, மெல்ல இறங்குகிறது. பேசின் தண்ணீரும் இதே துவாரத்தில் மேலே ஏறுகிறது.

கையுறை போட்டு, ஜாலியின் திருகைக் கழற்றி எடுங்கள். திருகு துருப்பிடித்துச் சுழலாவிட்டால் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுச் சற்று நேரம் கழித்து முயலுங்கள். நெம்பி எடுத்தால் ஓரத்து வெள்ளை சிமெண்ட் பெயரும். பிறகு தண்ணீர் அங்கேதான் கசியும். கப்பைத் தூக்கும்போது அதோடு ஒரு முடிக்கற்றை வரும். அறுபடாமல், சுற்றிச் சுற்றி இழுத்து மேலே கொண்டுவாருங்கள். அவசரமாக இழுத்தால் பாதி அறுந்து உள்ளே போகும், அடுத்த வளைவில் சிக்கும். எடுத்த முடியைக் குப்பையில் போடுங்கள், கழிப்பறையில் அல்ல.

பிறகு ஒரு சிறிய குவளையால் ட்ராப்பில் தேங்கிய தண்ணீரை வெளியே மொண்டு, அடியில் உள்ள வண்டலை விரலாலோ பழைய கரண்டியாலோ அள்ளுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இதுதான். தண்ணீரை மொண்டு எடுத்தால்தான் அடுத்து ஊற்றும் கரைசல் நீர்த்துப்போகாமல் வேலை செய்யும்.

கசடைத் தளர்த்த சிட்ரிக் அமிலத்தூள் போதும். இரண்டு மேசைக்கரண்டி தூளை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பாதியை ட்ராப்பில் விட்டு, மீதியில் கப்பையும் ஜாலியையும் ஊறவையுங்கள். அரை மணி நேரம் கழித்து நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். அமிலம் அந்தக் கால்சியத்தைப் பிரித்துவிடும். ஆனால் மிஞ்சுவது மெழுகு போன்ற கொழுப்பு அமிலம், அது தண்ணீரில் கரையாது. அதனால் வினிகர் மட்டும் ஊற்றி நிறுத்தியவர்களுக்கு வழவழப்பு போகவில்லை. இரண்டாவது கட்டமாக, ட்ராப்பைத் தண்ணீர் விட்டு அலசிய பின், 100 கிராம் சலவைச் சோடாவை இரண்டு லிட்டர் சூடான நீரில் கரைத்து ஊற்றுங்கள். சோடா அந்த மெழுகைத் திரும்பச் சோப்பாக்கி ஓட வைக்கும். கையுறையைக் கழற்ற வேண்டாம், அலுமினியப் பாத்திரத்தில் கரைக்க வேண்டாம்.

சூடான நீர் என்றதும் கொதிக்கிற நீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். பி.வி.சி. குழாய் கொதிநீரில் இளகும், ஒட்டிய மூட்டு விட்டுப்போகும். கொதித்த நீர் இரண்டு பங்கு, சாதாரண நீர் மூன்று பங்கு கலந்தால் 60 டிகிரிக்குள் நிற்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் இந்தச் சூடே தாராளம். மார்கழிக் குளிரில் அடைப்பு அதிகமாவதற்கும் இதுதான் காரணம். குளிர்ந்த குழாயில் எண்ணெய் உறைகிறது.

கவனிக்க: அமிலத்தையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் நுரைக்கும், பார்க்க அழகாக இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு வெறும் உப்புநீர் மிஞ்சும். வாட்ஸ்அப் வைத்தியத்தின் நுரை இதுதான். அந்தக் குமிழிகள் முடியை அசைப்பதில்லை. மார்பிள், மொசைக் தரை உள்ளவர்கள் சிட்ரிக் அமிலம் தரையில் சிந்தாமல் பாருங்கள், பளபளப்பு போய்விடும். ஏற்கெனவே யாராவது ட்ரெயின் கிளீனரோ ஆசிட்டோ பிளீச்சிங் பவுடரோ ஊற்றியிருந்தால், இதில் எதையும் ஊற்ற வேண்டாம். பிளீச்சிங் பவுடர் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது ஆபத்து. வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, கதவைத் திறந்துவைத்து, மறுநாள் பாருங்கள்.

இதற்குப் பின்னும் தண்ணீர் தேங்கினால்தான் கருவிக்கு வேலை. பிளாஸ்டிக் முள்பட்டை அரை மீட்டர் அளவில் கிடைக்கும். விளம்பரத்தில் தரைத் துவாரத்துக்கும் காட்டுவார்கள். உண்மையில் அது பேசினின் குறுகிய குழாய்க்கே நல்லது. அகலமான தரை ட்ராப்பில் முடிக்குப் பக்கத்தில் வழுக்கிப் போகும். அங்கே பழைய சைக்கிள் ஸ்போக்கின் நுனியை வளைத்த கொக்கி இதைவிட நன்றாக இழுக்கும். பேசினில் பயன்படுத்தும்போது பட்டையை அடிவரை விட்டு, திருப்பி, மெதுவாக எடுங்கள். முட்கள் சில முறையிலேயே வளைந்துவிடும். கூர்மை போன பட்டையால் முடி வராது, உள்ளே போகும். அதைத் தூக்கி எறியத் தயங்காதீர்கள், விலை மலிவுதான்.

ஸ்பிரிங் கம்பி ஐந்து மீட்டர் வாங்கினால் வீட்டுக்குப் போதும். தள்ளிக்கொண்டே வலப்புறமாகச் சுற்ற வேண்டும். தடுக்கிற இடத்தில் அழுத்தாமல் அங்கேயே சுற்றினால் முனை முடியில் கோர்க்கும், பிறகு சுற்றுவதை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். இதன் பெரிய குறை, அடைப்பில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுவிடும். தண்ணீர் அன்றைக்கு சரசரவென்று போகும், சில நாளில் பழையபடி நிற்கும். முனையில் முடி எதுவும் வராமல் தண்ணீர் மட்டும் போனால் வேலை முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தியதும் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி வைக்காவிட்டால் அடுத்த முறை துருப்பிடித்துச் சுருள் விறைத்திருக்கும். திரும்பத் திரும்ப ஒரே தூரத்தில் முட்டினால் அது வீட்டுக் கழிவுநீர் சாக்கடைக்குப் போகும் முன் விழும், வெளியிலுள்ள கல்லி ட்ராப் தொட்டியாக இருக்கலாம். அதன் மூடியைத் திறந்து பாருங்கள்.

பிளஞ்சர் விஷயத்தில் பலருக்கும் இரண்டு இடங்களில் தப்பு நடக்கிறது. உள்ளே இருக்கும் கப்பை எடுக்காமல் அழுத்துகிறார்கள், பேசின் துவாரத்தை மூடாமல் அழுத்துகிறார்கள். பேசினின் வாயில் ஈரத்துணியைத் திணித்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் அங்கே வெளியேறும். பேசினில் மேலே வழிவுத் துளை இருந்தால் அதையும் அடையுங்கள். ரப்பர் மூழ்கும் அளவு தண்ணீர் இருக்கட்டும். அழுத்துவதைவிட மேலே இழுப்பதுதான் முடியை அசைக்கும்.

சரியான பின், முடி வடிகட்டி வாங்கலாமா? காளான் வடிவ சிலிக்கோன் வகை ஷவர் வீடுகளுக்குச் செய்தது. மக்கில் மொண்டு ஊற்றும் குளியலுக்குத் தண்ணீர் ஒரேயடியாகப் பாய்வதால், அது தண்ணீரைத் தேக்கி வீட்டாரின் எரிச்சலைச் சம்பாதிக்கும். நுண்ணிய கம்பிவலை இரண்டு குளியலில் கசடால் மூடிக்கொள்ளும். பெரிய துளையுள்ள ஸ்டீல் மூடிதான் பழகிப்போகிறது. பாதி முடி அதைத் தாண்டிப் போகும், ஆனாலும் மறு பாதி கையில் நிற்கும். சோப்புக் கட்டிக்குப் பதிலாகச் சோப்பற்ற திரவ பாடி வாஷ் பயன்படுத்தினால் இந்தக் கசடே உருவாவதில்லை. ஆனால் அதற்காக எல்லோரையும் மாற்றச் சொல்வது நடக்காத காரியம்.

எண்ணெய்க் குளியலன்று மட்டும், சீயக்காய் அலசிய பின் ஜாலியையும் கப்பையும் தூக்கி, முடியை எடுத்து, அடி வண்டலை ஒருமுறை அள்ளி, மேலே சொன்ன சூட்டில் ஒரு வாளி நீர் ஊற்றிவிடுங்கள். கப்பைத் திரும்ப வைக்க மறந்தால் அன்று இரவே கரப்பான் வரும்.