எச்சரிக்கை: பட்டியல் டேலி ஆனது, 1,46,400 ரூபாயைக் காணவில்லை

இன்னும் கொதிப்பு அடங்கவில்லை, அப்படியே எழுதுகிறேன். மாதச் சந்தா கட்டினால் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதித் தரும் ஆன்லைன் சேவை ஒன்று. பெயர் போடவில்லை. கேஷ் புக் எழுதுவது, மாதக் கடைசியில் அதை வங்கி ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுவது எல்லாம் அவர்கள் வேலை. கூடுதலாக, சேரும் ரொக்கத்தை அவர்களே ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டு போய் வங்கியில் கட்டிவிடுவார்கள். இப்படி ஒப்படைத்ததில் போனது 1,46,400 ரூபாய்.

முதல் மாதப் பட்டியல் வந்தபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? ஒரே பக்கம், சுத்தமான கட்டங்கள், அடியில் தடித்த எழுத்தில் "வித்தியாசம்: 0". போனில் பேசியவர், "இனி நீங்கள் கேஷ் புக்கையும் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் வைத்து டிக் அடிக்கவே வேண்டாம், இந்தப் பூஜ்யத்தை மட்டும் பாருங்கள் சார்" என்றார். அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அந்தப் பூஜ்யத்தைக் காட்டித்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

விஷயம் வெளிவந்தது ஒரு செக் திரும்பியதில். மாதக் கடைசியில் கேஷ் புக்கில் வங்கி இருப்பு 3,42,600. பட்டியலும் டேலி. அதை நம்பி, அடுத்த மாதம் பிறந்ததும் சரக்கு கொடுத்தவருக்கு 2,10,000 ரூபாய்க்குச் செக் கொடுத்தேன். ஆனால் முதல் வாரத்திலேயே, கணக்கில் போதிய பணம் இல்லை என்று செக் திரும்பி வந்துவிட்டது. பல வருடப் பழக்கமுள்ள அந்த மனிதர் முன்னால் தலைகுனிந்து நின்றேன்.

அன்று ராத்திரியே உட்கார்ந்து பட்டியலைப் பிரித்தேன். வங்கி ஸ்டேட்மென்டின் இருப்பு 2,18,350. அதோடு, "கட்டியும் இன்னும் வரவு வைக்கப்படாதவை" என்று 1,86,400-ஐக் கூட்டியிருந்தார்கள். "கொடுத்தும் இன்னும் பாஸ் ஆகாத செக்குகள்" என்று 62,150-ஐக் கழித்திருந்தார்கள். போட்டுப் பாருங்கள், சரியாக 3,42,600 வரும். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் இந்த இரண்டு வரிகளுக்கும் உள்விவரம் கிடையாது, மொத்தத் தொகை மட்டும்தான். உள்விவரம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் எந்தத் தொகையையும் போட்டு எந்தப் பட்டியலையும் டேலி ஆக்கலாம்.

பாஸ் ஆகாத செக்குகளில் பிரச்சினை இல்லை. 62,150-க்கும் உரிய செக்குகள் அடுத்த மாதம் முதல் சில நாட்களிலேயே ஸ்டேட்மென்டில் பற்றாகிவிட்டன. 1,86,400-இல் கை வைத்தபோதுதான் குட்டு உடைந்தது. அதில் 40,000 மட்டும் வாடிக்கையாளர் கொடுத்த செக். 30-ஆம் தேதி போட்டது, 2-ஆம் தேதி வரவாகிவிட்டது. நியாயமான தாமதம். மீதி எல்லாம் ரொக்கம்: 12-ஆம் தேதி 48,500, 19-ஆம் தேதி 52,300, 26-ஆம் தேதி 45,600. ஆக 1,46,400.

செக்குக்குக் கிளியரிங் இருக்கிறது, ஓரிரு நாள் வழியில் நிற்கலாம். கவுன்டரில் கட்டும் ரொக்கத்துக்கு என்ன கிளியரிங்? கட்டிய அன்றே கணக்கில் ஏறிவிடும். நேரம் கடந்து மெஷினில் போட்டிருந்தாலும் அடுத்த வேலை நாளைத் தாண்டாது. 12-ஆம் தேதி கட்டிய ரொக்கம் மாதக் கடைசி வரைக்கும் "வரவு வைக்கப்படாமல்" இருக்க வழியே இல்லை. கட்டவே இல்லை, அவ்வளவுதான். கணக்குத் தெரிந்த எவருக்கும் இது பார்த்ததும் உறைக்கும். அந்த வரியை எழுதியவருக்கு மட்டும் உறைக்கவில்லையாம்!

இன்னும் வயிறு எரிவது இதற்கு. முந்தைய மாதப் பட்டியலையும் எடுத்தேன். அதிலும் இதே வரியில் ஒரு ரொக்கத் தொகை, 44,000. அது ஸ்டேட்மென்டில் எப்போது ஏறியது என்று தேடினால், இந்த மாதம் 12-ஆம் தேதி. அதே 12-ஆம் தேதிதான் அவர்கள் ஆள் என்னிடம் 48,500 வாங்கிப் போனார். புதுப் பணத்தை எடுத்துப் பழைய ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். பழையது வரவாகிவிட்டதால் பட்டியல் சுத்தமாகத் தெரியும், புதியது "வழியில்" போய்விடும். இப்படியே தள்ளிக்கொண்டு போகப் போக ஓட்டை பெரிதாகி 1,46,400 ஆகியிருக்கிறது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். முதலில் "அது டைமிங் வித்தியாசம் சார், அடுத்த மாதம் தானாகச் சரியாகும்" என்றார்கள். ரொக்கத்துக்கு என்ன டைமிங் என்று கேட்டதும் "வங்கியில் சர்வர் பிரச்சினை". பணம் கட்டிய சிலிப்பைக் கேட்டேன். போட்டோ அனுப்பினார்கள்: தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது, வங்கி முத்திரை இல்லை. சிலிப் புத்தகத்தில் நாமே எழுதிக்கொள்ளும் பகுதியை மட்டும் படம் எடுத்திருக்கிறார்கள். முத்திரை எங்கே என்றதும், பேசிக்கொண்டிருந்தவர் விடுப்பில் போய்விட்டார். புகார் எண் கொடுத்தார்கள், மறுநாள் "தீர்க்கப்பட்டது" என்று அதை மூடிவிட்டார்கள். கடைசியாக வந்த பதில்: "ரொக்கம் வாங்க வருபவர் எங்கள் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர். பட்டியல் தயாரிப்பது மட்டுமே எங்கள் சேவை." அந்தப் பட்டியலில்தானே ஐயா அந்த 1,46,400-ஐ ஒளித்து வைத்தீர்கள்!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பணத்தைக் கட்டுபவரும் பட்டியல் போடுபவரும் ஒரே ஆளாகவோ ஒரே நிறுவனமாகவோ இருக்க விடாதீர்கள். ஸ்டேட்மென்டை நீங்களே வங்கியிலிருந்து இறக்குங்கள், அவர்கள் அனுப்பும் நகலை வைத்துப் பார்க்காதீர்கள். "வரவு வைக்கப்படாதவை" வரிக்குத் தேதி, தொகை, செக்கா ரொக்கமா என்று தனித்தனி விவரம் கேளுங்கள். அதில் ரொக்கம் இருந்தால், அதுவும் கடைசி வேலை நாளுக்கு முந்தையதாக இருந்தால், அன்றே முத்திரை போட்ட சிலிப்பைக் கேளுங்கள். அடுத்த மாத ஸ்டேட்மென்டின் முதல் வாரத்தில் அந்த ஒவ்வொரு தொகையும் வந்துவிட்டதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

இரண்டு மாதப் பட்டியல், ஸ்டேட்மென்ட், முத்திரையில்லாத சிலிப் படங்கள் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துவிட்டேன். காலையில் புகார் கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி சேவைக்குச் சந்தா கட்டுபவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம், அடுத்து ஆள் வந்தால் ரொக்கத்தைக் கொடுக்காதீர்கள்.